முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிப் பக்கம் சோலை மரக்கன்றுகளுக்கான நாற்றங்கால் நடத்துகிறோம். 11 பேர் வேலை பார்க்கிறார்கள். அடுத்த வருடத்துக்குப் பணம் தர முடியாது என்று நிதி தருபவர்கள் சொல்லிவிட்டார்கள். மார்ச் 31-க்குப் பிறகு 4 பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். சனிக்கிழமை சம்பளம் கொடுத்ததும் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லலாம் என்றிருக்கிறேன். எப்படித் தொடங்குவது?

ச., கோத்தகிரி

அன்புள்ள ச.,

சனிக்கிழமை வேண்டாம். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் யாருக்கும் கேள்வி தோன்றாது. வீட்டுக்குப் போனபின் தோன்றும். ஞாயிறு முழுக்க பதில் சொல்ல ஆள் இருக்காது. வாரத் தொடக்கத்தில் ஒரு காலையைத் தேர்ந்தெடுங்கள்.

வேலை போகிற 7 பேரிடமும் முதலில் தனித்தனியாகப் பேசுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும். பிறகு இருக்கப்போகிற நால்வர், அதன்பின் எல்லோரும் சேர்ந்து. இதை இரண்டு நாளாக இழுக்காதீர்கள். முதல் ஆள் வெளியே வந்ததுமே மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும், மிச்சப்பேர் இரவெல்லாம் தவிப்பார்கள்.

“அக்கா, வருத்தமான செய்தி சொல்லத்தான் கூப்பிட்டேன். நமக்கு வந்த நிதி நின்றுவிட்டது. மார்ச் 31-ஓடு உங்கள் வேலை முடிகிறது.” இவ்வளவு போதும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த மௌனம்தான் கஷ்டம். அதை நிரப்பத்தான் நாம் காரணங்களை அடுக்குகிறோம், “எனக்கும் தூக்கமே இல்லை” என்கிறோம். அப்புறம் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

அடுத்து வரும் கேள்வி, “ஏன் நான்?” மிஞ்சும் வேலை என்ன, அதற்கு யார் தேவை என்று முன்பே எழுதிவையுங்கள். அந்த ஆளின் முகத்தைப் பார்த்து ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லையென்றால் உங்கள் தேர்வு இன்னும் முடியவில்லை என்று பொருள். அதை முடித்துவிட்டு நாள் குறியுங்கள்.

அதிர்ச்சியில் இருப்பவர் காதில் கணக்கு ஏறாது. கடைசிச் சம்பளத் தேதி, பி.எஃப்., சேர வேண்டிய தொகை எல்லாவற்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத முன்னறிவிப்பும் முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தக் காலம் முடிந்து போகிறவர்களுக்கு விதி வேறு. யார் எதில் வருகிறார்கள் என்று தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

“வேறு நிதி வந்தால் கூப்பிடுகிறேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நம்பி ஒருவர் கைக்கு வரும் தேயிலைத் தோட்ட வேலையை விட்டுவிடக்கூடும். உண்மையிலேயே விண்ணப்பம் போட்டிருந்தால், முடிவு தெரியும் தேதியைச் சொல்லுங்கள். அந்தத் தேதியில் எந்தப் பதில் வந்தாலும் நீங்களே போன் செய்யுங்கள்.

கன்றுகள் என்னவாகும் என்றும் கேட்பார்கள். சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. பை நிரப்பி, நிழல் கட்டி, தண்ணீர் ஊற்றியவர்கள் அவர்கள். எந்தப் பாத்தி எங்கே போகிறது, யார் நடப்போகிறார்கள் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.