மச்சானின் குடோனும் போர்டு மினிட்ஸும்: இயக்குநர் கடமை குறித்துக் கேள்வி பதில்

கோவைப் பக்கம் இருபது வருடங்களுக்கு மேலாகக் கம்பெனி செகரட்டரியாக இருக்கிறேன். இயக்குநரின் சொந்த நலன் கம்பெனியின் நலனோடு மோதும் நலன் முரண் பற்றி வந்த கேள்விகளில் ஐந்து பேருடையதை எடுத்துக்கொண்டேன்.

சட்டக் கல்லூரி மாணவி: "பரீட்சையில் வந்தது. பங்குச் சந்தையில் இல்லாத பப்ளிக் கம்பெனி, டர்னோவர் 40 கோடி. ஒரு இயக்குநரின் மனைவியின் அண்ணனுக்குச் சொந்தமான குடோனை மாதம் 5 லட்சத்துக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். அக்கம்பக்கத்து வாடகை 4 லட்சம். அந்த இயக்குநரும் போர்டில் ஓட்டுப் போட்டார். மச்சான் 'உறவினர்' பட்டியலில் இல்லை, அதனால் தவறில்லை என்று எழுதினேன். 10க்கு 3 மதிப்பெண். ஏன்?"

3 கிடைத்ததே பட்டியலைச் சரியாகப் படித்ததற்குத்தான். 2013 கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் மகனின் மனைவி வருகிறார், மகளின் கணவர் வருகிறார், உடன்பிறந்தவர்கள் வருகிறார்கள். மனைவியின் அண்ணன் வருவதில்லை. நம் ஊரில் தொழிலில் மச்சானுக்கு இருக்கும் இடம் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

ஆனால் அந்தப் பட்டியல், உறவினர் போன்றவர்களோடு கம்பெனி செய்யும் ஒப்பந்தங்களுக்கு அனுமதி கேட்கும் 188வது பிரிவுக்கான வாசல் மட்டுமே. நீங்கள் அந்த வாசல் பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே யாரும் இல்லை என்று திரும்பிவிட்டீர்கள். முதலில் போக வேண்டியது இயக்குநரின் கடமைகளைச் சொல்லும் 166வது பிரிவுக்கு, அதில் 166(4). கம்பெனியின் நலனோடு மோதுகிற, அல்லது மோதக்கூடிய, நேரடி அல்லது மறைமுக நலன் உள்ள நிலையில் இயக்குநர் தன்னை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அது. உறவினர் என்ற சொல்லே அதில் இல்லை. இந்த இயக்குநர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வாடகையைக் குறைக்க மனதார வாதாடுவாரா? விவரம் தெரிந்த வெளியாள் ஒருவர் பார்த்தால் அவர் மனம் இரண்டு பக்கம் இழுபடும் என்று நினைப்பாரா? இங்கே நினைப்பார். சாயங்காலம் மனைவி கேட்கப்போகும் கேள்வியை யோசித்தாலே போதும்.

அடுத்தது 166(5). தனக்கோ, உறவினருக்கோ, கூட்டாளிக்கோ, தன்னைச் சார்ந்தவருக்கோ முறையற்ற ஆதாயம் தேடித்தரக் கூடாது. "சார்ந்தவர்" என்ற சொல்லில் மச்சானைக் கொண்டுவர வாதாடலாம். மாதம் 1 லட்சம், வருடம் 12 லட்சம். ஆதாயம் அடைந்த இயக்குநர் அதே தொகையைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். ஆனால் பணம் போனது மச்சான் கைக்கு. அதை இயக்குநர் "அடைந்த" ஆதாயம் என்று சொல்லலாமா? சட்டத்தின் வாசகம் இதில் தெளிவாக இல்லை. பரீட்சைத் தாளில் இரண்டு பக்க வாதத்தையும் எழுதுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. கடமையை மீறியதற்கு 1 லட்சம் முதல் 5 லட்சம் வரை அபராதம் என்பது தனி.

இப்போது குடோன் பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருப்பதாக மாற்றிப் பாருங்கள். உடனே 188 விழித்துக்கொள்ளும். சந்தை வாடகையைவிட அதிகம் என்பதால், நியாய விலையில் நடந்த வழக்கமான ஒப்பந்தம் என்று விதிவிலக்குக் கேட்க முடியாது. போர்டு கூட்டத்தில் தீர்மானம் வேண்டும், அந்த விவாதத்தின்போது இவர் அறையில் இருக்கக் கூடாது. பங்குதாரர்களிடம் போக வேண்டுமா? வேண்டாம். வருட வாடகை 60 லட்சம். டர்னோவரில் 10 சதவீதம், அதாவது 4 கோடி, வந்தால்தான் அந்தக் கட்டம்.

சிறு தொழில் நடத்துபவர்: "சார், கம்பெனிக்கு நானே கடன் கொடுத்து 15% வட்டி வாங்குகிறேன். இன்ட்ரஸ்ட் பிரச்சினை என்கிறீர்களே, வட்டி விகிதத்துக்கு வரம்பு இருக்கிறதா?"

அய்யா, நாங்கள் பேசுவது அந்த இன்ட்ரஸ்ட் அல்ல. ஆனால் தப்பான கதவைத் தட்டி சரியான வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். கடன் கொடுப்பவரும் நீங்கள், வட்டி இவ்வளவு என்று கம்பெனி சார்பில் ஒப்புக்கொள்பவரும் நீங்கள். இதைவிட நேரான நலன் முரண் கிடையாது. அதற்காகக் கடன் கொடுக்கக் கூடாது என்றில்லை. அன்றைய தேதியில் வங்கி என்ன விகிதம் கேட்டது என்ற கடிதம் கோப்பில் இருக்கட்டும், மற்ற இயக்குநர்கள் அதைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்று மினிட்ஸில் இருக்கட்டும். இந்தப் பணம் நீங்கள் வேறு இடத்தில் கடன் வாங்கியது அல்ல என்று எழுதிக்கொடுக்கவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அது டெபாசிட் என்று ஆகி வேறு தலைவலி.

திருப்பூரிலிருந்து ஒரு இயக்குநர்: "எங்களுடையது பிரைவேட் லிமிடெட். 2015லேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். சொந்த ஒப்பந்தத்துக்கும் நாங்களே ஓட்டுப் போடலாம். இந்தக் கதையெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு."

பாதி சரி. 2015 ஜூன் அறிவிப்பின்படி, பிரைவேட் கம்பெனி இயக்குநர் தன் நலனை வெளிப்படுத்திய பிறகு அந்தக் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். "வெளிப்படுத்திய பிறகு" என்பதை எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். 2017இல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது: நிதிநிலை அறிக்கையையும் ஆண்டு அறிக்கையையும் தாக்கல் செய்யாமல் வைத்திருக்கும் கம்பெனிக்கு இந்தச் சலுகை இல்லை. எத்தனை கம்பெனிகள் அதைச் சரியாகச் செய்கின்றன என்பது நம் இருவருக்குமே தெரியும்.

மீதிப் பாதிதான் ஆபத்து. விலக்கு கிடைத்தது கூட்டத்தில் உட்காருவதற்கு. 166க்கு விலக்கே கிடையாது. ஓட்டுப் போடலாம், ஆனால் அந்த ஓட்டைக் கம்பெனிக்காகத்தான் போட வேண்டும்.

முன்பு ஒரு கம்பெனியின் கோப்புகளைப் பார்க்கப் போனேன். ஐந்து வருட வெளிப்படுத்தல் படிவங்கள், எம்பிபி-1, வரிசையாக இருந்தன. ஐந்திலும் ஒரே நீல மை, ஒரே சாய்வில் கையெழுத்து. இரண்டாம் வருடப் படிவத்தில் இயக்குநர் பங்கு வைத்திருப்பதாகக் காட்டிய ஒரு கம்பெனி, நான்காம் வருடத்தில்தான் பதிவே ஆகியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் எழுதியிருக்கிறார்கள். வெளிப்படுத்தாமல் இருந்திருந்தால் ஒரு அபராதத்தோடு போயிருக்கும். இப்போது அவர் சொன்ன எதையுமே நம்ப முடியாமல் போனது.

பெயர் சொல்ல விரும்பாதவர்: "இரண்டு குடும்பமாக நடத்தும் கம்பெனி. சண்டை வந்த பிறகு, இனிமேல் கம்பெனி இடம் எதுவும் வாங்க வேண்டாம் என்று பேசி முடித்தோம். போன வருடம் ஃபேக்டரிக்கு ஒட்டினாற்போல் இருந்த காலி இடத்தை மற்றக் குடும்பத்து இயக்குநர் தன் பெயரில் வாங்கிவிட்டார். கேட்டால், கம்பெனிதான் வேண்டாம் என்றதே என்கிறார்."

உங்கள் கதையை அப்படியே வேறு ஊரில் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் 2003இல் அப்பீல் நீதிமன்றம் தீர்த்த புல்லர் வழக்கு. மளிகை வியாபாரத்தில் வளர்ந்த இரண்டு சகோதரர்களின் குடும்பங்கள். 1998வாக்கில் பிளவு, இனி கம்பெனி சொத்து வாங்காது என்று முடிவு. கம்பெனிக்குச் சொந்தமான ஒரு கட்டடத்தில் பௌலிங் விளையாட்டுக் கூடம் வாடகைக்கு இருந்தது. அதற்குப் பக்கத்து மனையில்தான் அங்கே வருபவர்கள் கார் நிறுத்துவார்கள். ஒரு குடும்பத்து இயக்குநர் அந்தப் பக்கம் போனபோது அந்த மனை விற்பனைக்கு என்ற பலகையைப் பார்த்தார். தங்களுக்குச் சொந்தமான வேறு கம்பெனியின் பெயரில் வாங்கிப்போட்டார்கள், மற்றவர்களிடம் மூச்சு விடவில்லை.

உங்கள் ஆள் சொல்வதைத்தான் அவர்களும் சொன்னார்கள்: கம்பெனிக்குத் தேவையில்லை, நாங்கள் பார்த்தது கம்பெனி வேலையில் அல்ல. நீதிமன்றம் ஏற்கவில்லை. பக்கத்து மனை கைக்கு வந்தால் கம்பெனியின் சொத்து மதிப்பே மாறும், அந்தத் தகவல் கம்பெனிக்கு முக்கியம், இயக்குநர் அதைக் கம்பெனியிடம் சொல்லியிருக்க வேண்டும். வாங்குவதா வேண்டாமா என்பது அப்புறம் கம்பெனியின் பாடு. வாங்கிய விலைக்கே கம்பெனிக்கு மாற்றிக்கொடுக்க உத்தரவானது.

கம்பெனியால் வாங்க முடியாது என்பதும் அங்கே பதிலாகாது. 1942இல் ரீகல் வழக்கில் துணைக் கம்பெனியின் பங்குகளில் போட கம்பெனியிடம் 2,000 பவுன்தான் இருந்தது, மீதிப் பங்குகளில் பெரும்பகுதியை இயக்குநர்கள் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனாலும் லாபத்தைத் திருப்பித்தர வேண்டியதாயிற்று. ஆனால் கனடாவில் 1966இல், ஒரு சுரங்க வாய்ப்பை போர்டு உண்மையாகவே பரிசீலித்து நிராகரித்த பிறகு எடுத்துக்கொண்ட இயக்குநரை விட்டுவிட்டார்கள். நம் நீதிமன்றங்களை இரண்டில் எதுவும் கட்டுப்படுத்தாது, இரண்டையும் வாதத்தில் வைப்பார்கள். அதனால் உங்கள் வழக்கு ஒரு விஷயத்தில்தான் நிற்கும். நீங்கள் பேசி முடித்தது "இடம் எதுவும் வேண்டாம்" என்ற பொது முடிவா, "இந்த இடம் வேண்டாம்" என்ற முடிவா? முதலாவது என்றால் உங்கள் கை ஓங்கும்.

ஆடிட்டர் ஒருவர்: "வெளிப்படுத்தியாகிவிட்டது, அறையை விட்டு வெளியே போயாகிவிட்டது, சந்தை விலை, மினிட்ஸும் பக்கா. அதற்கு மேலும் 166 என்று பயமுறுத்துவது அதிகப்படி. நலனை வெளிப்படுத்தச் சொல்லும் 184ஐயும் 188ஐயும் எதற்கு எழுதினார்கள்?"

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இதில் என்னிடம் முடிந்த பதில் இல்லை. இங்கிலாந்தின் 2006 சட்டம், கம்பெனியோடு இயக்குநர் செய்யும் ஒப்பந்தத்தை நலன் முரண் தடையிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. மற்ற முரண்களை போர்டு அனுமதிக்கவும் வழி வைத்திருக்கிறது. நம் 166(4)இல் இரண்டும் இல்லை. எழுத்துக்கு எழுத்துப் படித்தால், நியாய விலையில் ஊரறியச் செய்த ஒப்பந்தமும் மீறல்தான். அப்படிப் படித்தால் 184ம் 188ம் அர்த்தமில்லாமல் போகும் என்பது உங்கள் வாதம். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் அந்த நம்பிக்கையில் ஒரு போர்டுக்கு எழுத்துப்பூர்வமாக யோசனை கொடுப்பீர்களா? நான் கொடுக்கும்போது, விலையை வெளியாள் ஒருவர் மதிப்பிட்ட அறிக்கையையும் கோப்பில் வைக்கச் சொல்கிறேன்.

மீண்டும் பெயர் சொல்ல விரும்பாதவர்: "வாங்குவதற்கு முன்னால் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தார். 'பக்கத்து இடம் விலைக்கு வருது' என்று. நான் பதில் போடவில்லை. என் கேஸ் போச்சா?"

போகவில்லை. உங்களுக்குச் சொன்னது கம்பெனிக்குச் சொன்னதாகாது. போர்டில் வைத்தாரா என்பதுதான் கேள்வி. "விலைக்கு வருது" என்பது வேறு, "நான் வாங்கப்போகிறேன்" என்பது வேறு. ஆனாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரியைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுவருவார். அழிக்காதீர்கள். முன்னும் பின்னும் உள்ள செய்திகளோடு தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். உங்கள் குடும்பத்திடம் பத்தில் ஒரு பங்கு பங்குகளாவது இருக்கிறதா என்று உறுப்பினர் பதிவேட்டில் பாருங்கள். இருந்தால் 241வது பிரிவில் சென்னை கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். புல்லர் குடும்பமும் அங்கே ஏறக்குறைய அந்த மாதிரி மனுவோடுதான் போனார்கள். அந்த இடத்தை அவர் வேறு யாருக்காவது விற்பதற்குள் போங்கள்.