பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்: புள்ளியியல் கேள்வி பதில்

காரைக்குடி, ஆய்வு மாணவர்: மதிப்பிற்குரிய ஐயா, சுண்ணாம்புப் பூச்சும் நாட்டு ஓடும் உள்ள 16 பழைய வீடுகளிலும் 16 கான்கிரீட் வீடுகளிலும் மே மாதத்தில் உள்வெப்பம் அளந்தேன். பிற்பகல் 2 மணிச் சராசரி 31.0, 32.6 டிகிரி. இரண்டுக்கும் திட்ட விலக்கம் 2.0. டி சோதனையில் p = 0.031 வருகிறது. ஆனால் ஆய்வேட்டு வரைபடத்தில் 95% நம்பிக்கைப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. வித்தியாசம் இல்லை என்கிறார் நெறியாளர். எதை நம்புவது?

பதில்: தம்பி, சோதனையும் சரி, படமும் சரி. இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. ஒவ்வொரு பட்டையும் தன் சராசரி எங்கே இருக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது. நீங்கள் கேட்பதோ இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 2.0-ஐ 16-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை 0.5. பட்டை இருபுறமும் அதன் இரு மடங்குக்குச் சற்று மேல், 1.07 நீளும். பழைய வீடு 29.93 முதல் 32.07 வரை, கான்கிரீட் வீடு 31.53 முதல் 33.67 வரை. அரை டிகிரிக்குச் சற்று மேல் மோதுகிறது. பட்டைகள் தொடாமல் விலக வேண்டுமானால் சராசரிகள் 2.14 டிகிரி தள்ளியிருக்க வேண்டும்.

வித்தியாசத்தின் திட்டப்பிழையோ 0.5 + 0.5 அன்று. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும்:

```
sqrt(0.5^2 + 0.5^2) = 0.71
```

வித்தியாசம் தாண்ட வேண்டிய எல்லையும் இதன் இரு மடங்குக்குச் சற்று மேல், ஏறத்தாழ 1.44. உங்கள் வித்தியாசம் 1.6, அதைத் தாண்டிவிட்டது. வித்தியாசத்தின் இடைவெளி 0.16 முதல் 3.04 வரை, பூச்சியம் உள்ளே இல்லை. பட்டைகள் விலகியே தீரவேண்டும் என்பவர், ஒரு சராசரி மேலே தவறும் அதே வேளையில் மற்றது கீழே அதே அளவு தவறும் என்று அஞ்சுகிறார். இருவருக்கும் ஒரே நாளில் எதிரெதிர்த் திசையில் கெட்ட நேரம் வாய்ப்பது அபூர்வம்.

நெறியாளர் பாதி சரி. பட்டைகள் விலகியிருந்தால் வித்தியாசம் உண்டு எனலாம். மோதினால் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் 0.16 என்ற கீழ் எல்லையை மறைக்காதீர்கள்; வித்தியாசம் மிகச் சிறியதாகவும் இருக்கலாம்.

தேவகோட்டை, கல்லூரி ஆசிரியர்: 95-க்குப் பதிலாக 84% பட்டை வரைந்தால் மோதல் தீர்ந்துவிடுமே ஐயா?

பதில்: இந்த வழக்கில் தீரும். இரண்டு திட்டப்பிழைகளும் கிட்டத்தட்டச் சமமாகவும் குழுக்கள் தனித்தனியாகவும் இருந்தால் கண்ணுக்குத் தெரிவதும் சோதனையும் ஒத்துப்போகும். ஆனால் 95-ஐ எதிர்பார்த்து வரும் தேர்வாளர் படத்தின் அடிக்குறிப்பை வாசிப்பார் என்று என்ன நிச்சயம்? இதில் துறைக்குள் ஒருமித்த கருத்து இல்லை. நானாக இருந்தால் 95-ஐ அப்படியே விட்டுவைத்து, வித்தியாசத்தை மட்டும் தனிக்கட்டத்தில் பூச்சியக் கோட்டோடு வரைவேன்.

கானாடுகாத்தான், வீட்டு உரிமையாளர்: எங்கள் பட்டாசாலையிலும் அந்தப் பிள்ளை கருவி வைத்தது. 33 டிகிரி காட்டியதாம். பட்டைக்கு வெளியே போய்விட்டதே, கருவி கெட்டதா, ஓடு மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் இல்லை ஆச்சி. அந்தப் பட்டை சராசரிக்கு உரியது, வீடுகளுக்கு அன்று. திட்ட விலக்கம் 2 டிகிரி என்னும்போது 16 வீடுகளில் பாதிக்கு மேல் பட்டைக்கு வெளியேதான் நிற்கும். ஓட்டை மாற்றுவது பற்றிக் கொத்தனாரைக் கேளுங்கள். இந்தப் படத்தைக் கேட்காதீர்கள்.

பள்ளத்தூர், முதுகலை மாணவி: நான் 12 வீடுகளில் கீழ்த்தளத்தையும் மேல்மாடியையும் அளந்தேன். பட்டைகள் முக்கால்வாசி மோதுகின்றன. ஆனால் எல்லா வீட்டிலும் மாடிதான் சூடு.

பதில்: அம்மா, உங்களுடையது வேறு கணக்கு. ஒரே வீட்டின் இரு அளவுகள் சேர்ந்தே ஏறி இறங்கும். வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாடுதான் உங்கள் பட்டைகளை அகலமாக்குகிறது. வீடுதோறும் மாடியிலிருந்து கீழ்த்தளத்தைக் கழித்து, அந்த 12 எண்களுக்கு மட்டும் இடைவெளி காணுங்கள். இரண்டு பட்டைகளையும் அருகருகே வைத்த படம் இங்கே எதையும் சொல்லாது.

காரைக்குடி மாணவர், மீண்டும்: நன்றி ஐயா. ஒன்று சொல்ல வேண்டும். 24 மணி நேரத்தையும் வரைந்து பார்த்த பிறகுதான், இடைவெளி பெரிதாகத் தெரிந்த 2 மணியைத் தேர்ந்தெடுத்தேன்.

பதில்: அப்படியென்றால் அந்த 0.031-ஐ அப்படியே எழுத முடியாது தம்பி. எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் 24 சோதனைகளில் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வருவது சகஜம். அடுத்தடுத்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டியவை என்பதால் வெறுமனே 24-ஆல் பெருக்குவதும் மிகையான தண்டனை. நாள் முழுவதற்கும் சேர்ந்த பட்டையை வரையலாம். அது இப்போதுள்ளதைவிட அகலமாக வரும், 2 மணி அதில் தேறுமா என்பதைத் தரவைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். நாளின் மிக வெப்பமான நேரத்தைச் சோதிப்பதாக ஆய்வு முன்மொழிவில் முன்பே எழுதியிருக்கிறீர்களா? அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.