சுங்குடிப் புள்ளியில் தொலையும் எழுத்துப் புள்ளி

*மதுரை விளக்குத்தூண் அருகில் சுங்குடிச் சேலைக் கடை நடத்துகிறோம். எங்கள் இணையதளத்தின் முகப்புப் படத்தில் வாசகமும் படத்தோடு சேர்த்தே வரையப்பட்டிருந்தது. ஆண்டுக்கு நான்கு முறை வாசகத்தை மாற்ற வேண்டியிருப்பதால் அதை அழித்துவிட்டு, அரக்கு நிறச் சேலைப் படத்தின்மேல் வெள்ளை எழுத்தைத் தனியாக வைத்தோம். கான்ட்ராஸ்ட் விகிதம் 7.3 வருகிறது, தாராளம் என்கிறார் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. கைபேசியில் என் மாமியாரால் படிக்க முடியவில்லை. எதை நம்புவது? – ஒரு வாசகி*

உங்கள் மாமியாரை நம்புங்கள் அம்மா. அந்த 7.3 பொய்க் கணக்கு அல்ல. ஆனால் அளந்த இடம் தவறு. சேலைப் படம் முழுவதையும் ஒரே நிறமாகக் குழைத்து, அந்தச் சராசரியோடு வெள்ளையை ஒப்பிட்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். சராசரி நிறத்தின்மேல் எந்த எழுத்தும் உட்காருவதில்லை. ஒவ்வோர் எழுத்தும் தனக்கு நேர் கீழே உள்ள துணியின்மேல்தான் உட்காருகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரக்குத் துணியின் நிறத்தை `#7A1F2B` என்றும், முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதில் வெளிறி நிற்கும் புள்ளியை `#F0E4D0` என்றும் வைத்துக்கொள்வோம். கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 1 என்ற அளவில் அரக்கின் ஒளிர்வு 0.053, புள்ளியின் ஒளிர்வு 0.786. இரு நிறங்களின் ஒளிர்வோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் கிடைப்பதுதான் கான்ட்ராஸ்ட் விகிதம். வெள்ளை எழுத்து அரக்கின்மேல் விழும் இடத்தில் 1.05-ஐ 0.103-ஆல் வகுக்க 10.2 வருகிறது, மிக நன்று. அதே எழுத்து புள்ளியின்மேல் விழும் இடத்தில் 1.05-ஐ 0.836-ஆல் வகுக்க வருவது வெறும் 1.26. படத்தில் ஏழில் ஒரு பங்கு புள்ளியாக இருந்தால், இரண்டையும் குழைத்த நிறத்துக்கு 7-க்குச் சற்று மேல் வரும். உங்கள் தம்பி கண்ட எண் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்.

டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் வலை அணுகல்தன்மை நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 கேட்கிறது. 24 பிக்சலோ அதற்கு மேலோ உள்ள எழுத்துக்கும், தடித்ததாயின் 19 பிக்சல் அளவுள்ள எழுத்துக்கும் 3 போதும் என்கிறது. இந்த 4.5 சும்மா வந்ததல்ல. கண் மருத்துவர் சீட்டில் 6/12 என்று எழுதும் அளவுக்குப் பார்வை மங்கியவர்களை, பெரும்பாலும் எண்பதை ஒட்டிய முதியவர்களை, மனத்தில் வைத்து வகுத்தது. உங்கள் மாமியாரைப் போன்றவர்களுக்காக என்றே சொல்லலாம்.

தமிழுக்கு மட்டும் நான் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்வதில்லை. தலைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 4.5 வேண்டும் என்பேன். காரணம் மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்து 30 பிக்சல் உயரம் இருந்தாலும் அதன் தலையில் உள்ள புள்ளி சில பிக்சல்தான். 'சித்திரைத் திருவிழாச் சுங்குடி' என்று நீங்கள் எழுதினால் அந்தப் புள்ளிகள் சேலையின் புள்ளிகளுக்கு நடுவில் கலந்துவிடும். இன்னும் மோசம், மேலே புள்ளியில்லாத ககரத்தின் தலையில் சேலையின் புள்ளி ஒன்று வந்து அமர்ந்தால் 'கடை' என்பது 'க்டை' ஆகத் தோன்றும். உங்கள் மாமியார் தடுமாறியது பெரும்பாலும் இங்கேதான். பழைய படத்தில் எழுதிய ஓவியர் புள்ளியில்லாத இடமாகப் பார்த்து எழுத்தை நிறுத்தியிருப்பார். இப்போது அந்தக் கண் போய்விட்டது. ஆனால் எழுத்தைப் படத்திலிருந்து பிரித்தது சரியான முடிவு. பெரிதாக்கிப் படிக்கவும், திரையை வாசித்துச் சொல்லும் செயலி படிக்கவும் இதுதான் வழி.

இனி அளக்கும் முறை. தளத்தைக் கைபேசியில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை திறந்து திரையைப் படம் பிடியுங்கள். இரண்டும் அவசியம்: முகப்புப் படம் திரைக்கேற்ப வெட்டுப்படும், கணினியில் வெற்று அரக்கின்மேல் நிற்கும் சொல், கைபேசியில் முந்தானையின்மேல் போய் நிற்கும். படம் பிடிக்கும் முன் வாசகத்துக்கு `color: transparent` கொடுத்து எழுத்தை மறைத்துவிடுங்கள், பின்னணி மட்டும் கிடைக்கும். எழுத்து இருந்த பகுதியை மட்டும் வெட்டி, கிம்ப் மென்பொருளில் `Desaturate` போய் `Luminance` முறையில் சாம்பல் நிறமாக்குங்கள். அடுத்து `Threshold` கருவியில் கீழ் எல்லையை 119 என்று வையுங்கள். இப்போது வெள்ளையாகத் தெரியும் ஒவ்வொரு திட்டும், வெள்ளை எழுத்துக்கு 4.5 கிடைக்காத இடம். எல்லை ஏன் 119 என்றால், வெள்ளைக்கு எதிரே 118 என்னும் சாம்பல் 4.54 தருகிறது, 119 தருவது 4.48. அதை 4.5 என்று முழுமையாக்கிக்கொள்ள நெறிமுறை இடம் தரவில்லை. உங்கள் படத்தில் அம்மை போட்டது போலத் திட்டுகள் தெரியும். தானியங்கிச் சோதனைக் கருவிகள் பல, படத்தின்மேல் உள்ள எழுத்தைக் கண்டால் முடிவு சொல்லாமல் 'நேரில் பார்க்கவும்' என்று ஒதுங்கிவிடுகின்றன. அதைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரிசெய்ய, படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு கறுப்புத் திரை விரியுங்கள். 40 விழுக்காடு கறுப்பு போட்டால் புள்ளியின்மேல் 3.47-தான் வரும், தலைப்புக்கு நெறிமுறைப்படி போதும், நான் ஏற்கமாட்டேன். 50 விழுக்காட்டில் 4.77. 55 வைத்துவிட்டால் நாளை தூய வெள்ளை நிறம் உள்ள எந்தப் படத்தை மாற்றினாலும் 4.7-க்குக் குறையாது. ஆண்டுக்கு நான்கு முறை வாசகத்தோடு படமும் மாறினால், ஒவ்வொரு முறையும் அளக்க உங்களுக்கு நேரமிருக்காது. ஆகவே 55 என்பதே என் பரிந்துரை.

```css
.mugappu {
  background-color: #7A1F2B;
  background-image:
    linear-gradient(rgba(0,0,0,.55), rgba(0,0,0,.55)),
    url(selai.jpg);
  background-size: cover;
  color: #fff;
}
```

`background-color` வரியை விட்டுவிடாதீர்கள். இணைப்பு மெதுவாக இருந்து படம் வரத் தாமதமானால், வெள்ளைப் பக்கத்தின்மேல் கறுப்புத் திரை மட்டும் விழுந்து வெறும் சாம்பலாகத் தெரியும், விகிதமும் 4.7-ஐ ஒட்டியே நிற்கும். அரக்கு நிறம் அடியில் இருந்தால் படம் வராத வேளையிலும் 10.2-க்கு மேலேயே கிடைக்கும்.

துணியின் நிறம் மங்குகிறதே என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கும், சேலை விற்பவருக்கு அது சின்ன வருத்தமல்ல. அப்படியானால் படத்தை அப்படியே விட்டு, வாசகத்தின் பின்னால் மட்டும் திட அரக்குப் பட்டை ஒன்று வையுங்கள். பட்டையின் நிறத்தை அந்த வாசகத்துக்கே பின்னணியாகக் கொடுக்க வேண்டும். தனிப் பெட்டியாக வரைந்தால், ஒருவர் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கும்போது கடைசிச் சொல் பட்டையைத் தாண்டிப் புள்ளிகளுக்குள் போய்விடும். எழுத்தைச் சுற்றி நிழல் போடும் வழியைப் பலர் சொல்வார்கள். கரை அழுத்தமாக இருந்தால் கணக்கில் அது செல்லும், ஆனால் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகளும் புள்ளியைச் சுற்றிய இடைவெளியும் அந்த நிழலில் அடைபட்டுப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சுங்குடிமேல் அது வேண்டாம்.

மாற்றியபின் அதே 119 சோதனையை மறுபடி செய்யுங்கள், எழுத்துப் பகுதி முழுக் கறுப்பாக வரவேண்டும். பிறகு நண்பகலில் கடை வாசலில் நின்று, கைபேசியை மாமியார் கையில் கொடுத்து 'சுங்குடி'யை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். ஙகரத்தின் புள்ளியை அவர் கண்டுகொண்டால் வேலை முடிந்தது.