எஸ்.எல்-ஐ சீக்கிரமே காஸ்டுக்கு நகர்த்தலாமா? – கேள்வி பதில்

அண்ணா, நஷ்டத்தை நிறுத்தப் போடும் ஸ்டாப் லாஸ், அதாவது எஸ்.எல், 40 பாயின்ட், டார்கெட் 80. 40 பாயின்ட் ஏறியதும் எஸ்.எல்-ஐ காஸ்டுக்கு, அதாவது என்ட்ரி எடுத்த விலைக்கே, கொண்டுவந்துவிட்டால் அப்புறம் ரிஸ்க்கே இல்லையே, லாபம் எப்படிக் குறையும்?

அந்த ஒரு ட்ரேடில் நஷ்டம் வராது, அதுவரை நீங்கள் சொல்வது சரி. நூறு ட்ரேடாகப் பாருங்கள், தம்பி. எஸ்.எல்-ஐத் தொடாமல் விட்டால் 40 ட்ரேட் டார்கெட் போகிறது, 60 அடிபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரவு 3,200, செலவு 2,400, மிச்சம் 800 பாயின்ட்.

இப்போது காஸ்டுக்கு நகர்த்துங்கள். நூறில் 30 ட்ரேட் 40 பாயின்ட் ஏறிவிட்டு என்ட்ரி விலைக்கே திரும்பி வருகிறது என்போம். அந்த முப்பதில் 18 கடைசியில் நஷ்டத்துக்குப் போகிறவை, 12 மறுபடி ஏறி டார்கெட் தொடுகிறவை. முன்னதில் 720 பாயின்ட் மிச்சப்படுத்தினீர்கள், பின்னதில் 960 விட்டீர்கள். மொத்த லாபம் 560 ஆகிவிடுகிறது. காப்பாற்றிய 18 ட்ரேடும் கண்ணில் படும். விட்டுப்போன 12 எங்கேயும் சிவப்பு எழுத்தில் வராது, அதனால்தான் இந்த ஓட்டை பல வருடம் தெரியாமலே இருக்கிறது.

அந்த 12, 18 எல்லாம் நீங்களே வைத்துக்கொண்ட எண்தானே சார்?

ஆமாம். உங்கள் எண்ணை நீங்கள்தான் எடுக்க வேண்டும், ஆனால் எங்கே கோடு கிழிப்பது என்று சொல்லிவிடலாம். ஒரு ட்ரேடைக் காப்பாற்றினால் 40 மிச்சம், ஒன்றைத் தவறவிட்டால் 80 போச்சு. திரும்பி வந்தவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேல் டார்கெட் போகுமானால் நகர்த்துவது நஷ்டம்.

காசு சுண்டிப்போட்டு என்ட்ரி எடுத்தால்கூட, செலவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்த அளவுகளில் மூன்றில் ஒன்று டார்கெட் தொடும். விலை என்ட்ரிக்கே திரும்பி வந்த நிமிடத்தில் உங்கள் கையில் இருப்பது அதே விலை, அதே 40, அதே 80. உங்கள் என்ட்ரிக்கு உண்மையிலேயே பலம் இருந்து, அந்தப் பலம் இன்னும் தீரவில்லை என்றால், காசு சுண்டுவதைவிட அது மேலாகத்தான் போக வேண்டும். அதைத்தான் சும்மா மூடிவிட்டு வெளியே வருகிறீர்கள்.

எனக்கு நேற்றே நடந்தது. நிஃப்டி ஃப்யூச்சர்ஸ் 24,600-இல் வாங்கி, 24,620 வந்ததுமே காஸ்டுக்கு வைத்தேன். 24,598 வரை இறங்கி என்னை வெளியே தள்ளிவிட்டு 24,680 போனது. வேண்டுமென்றே அடிக்கிறார்கள்!

யாரும் உங்களைக் குறிவைக்க வேண்டியதில்லை. 20 பாயின்டிலேயே நகர்த்தினீர்கள். அந்த இடத்திலிருந்து என்ட்ரி 20 பாயின்ட் தூரம், டார்கெட் 60 தூரம். வெறும் காசு சுண்டலில் நான்கில் மூன்று தடவை என்ட்ரிதான் முதலில் வரும். 40-இல் நகர்த்தியிருந்தால் பாதிக்குப் பாதி. எவ்வளவு சீக்கிரம் நகர்த்துகிறோமோ அவ்வளவுக்கு சாதாரண ஆட்டமே நம்மை வெளியே எடுத்துவிடும். இன்னொன்று, காஸ்டில் வெளியே வந்தாலும் ப்ரோக்கரேஜ், எஸ்.டி.டி, ஸ்லிப்பேஜ் மூன்றும் போகும். அது பூஜ்ஜியமில்லை, சின்ன நஷ்டம்.

அப்படியானால் எஸ்.எல்லே போடக் கூடாது என்கிறீர்களா?

ஐயோ, இல்லைங்க. முதலில் போட்ட எஸ்.எல் கட்டாயம் இருக்க வேண்டும். அதை எப்போது நகர்த்துவது என்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

நான் பழைய டேட்டாவை எடுத்து 15 நிமிட கேண்டிலில் பேக்டெஸ்ட் செய்தேன். காஸ்டுக்கு நகர்த்தினால்தான் லாபம் கூடுகிறது. 45 ட்ரேட்.

முதலில் கேண்டிலைச் சந்தேகப்படுங்கள். ஒரே கேண்டிலில் 40 பாயின்ட் உச்சமும் என்ட்ரி விலையும் இரண்டுமே இருந்தால், எது முதலில் வந்தது என்று அந்த டேட்டாவுக்குத் தெரியாது. உங்கள் ப்ரோகிராம் ஏதோ ஒன்றை அனுமானிக்கும். சாதகமாக அனுமானித்தால் வராத லாபம் வந்தது போலக் காட்டும். அந்த மாதிரி கேண்டில்களைத் தனியாக எடுத்து 1 நிமிட டேட்டாவில் பாருங்கள்.

அதற்குப் பிறகும் கூடினால், உங்கள் சிஸ்டத்துக்கு அது பொருந்தலாம். பிரேக்-அவுட் வாங்குகிறவர்களில் சிலருக்கு, விலை என்ட்ரிக்குத் திரும்புவதே அந்த ஐடியா செத்துவிட்டதற்கு அறிகுறி. ஆனால் 45 ட்ரேடில் காஸ்டுக்குத் திரும்பியவை பத்துப் பதினைந்துதான் இருக்கும். அவற்றில் இரண்டு மாறி விழுந்தாலே முடிவு தலைகீழாகும். இந்த எண்ணிக்கையை வைத்து ஆமாம் என்றும் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

லாபம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை சார், தொடர்ந்து ஆறு எஸ்.எல் அடித்தால் எனக்குக் கை நடுங்குகிறது. அதற்காக நகர்த்தலாமா?

நியாயமான காரணம்தான். மேலே சொன்ன கணக்கிலேயே முழு நஷ்டம் 60-இலிருந்து 42 ஆகக் குறைகிறது, அதற்கு 240 பாயின்ட் கொடுக்கிறீர்கள். அதற்கு முன்னால் லாட்டைப் பாதியாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு அடியும் பாதியாகும், அந்த 12 ட்ரேடும் கையில் நிற்கும். அப்படியும் நடுங்கினால் நகர்த்துங்கள், ஆனால் 20 பாயின்டில் வேண்டாம்.