ஈ.எஸ்.ஐ தொழிலாளி இறந்தால்: சடங்குச் செலவு யார் கைக்கு, காப்பீட்டுப் பணம் யார் கைக்கு?

ஓர் ஆலையின் டைம் ஆபீசில் 22 வருஷம் இருந்தேன். தொழிலாளி இறந்த வீட்டுக்கு எந்தப் படிவத்தை முதலில் கொண்டு போவது என்பது அங்கே எனக்குப் பழகிப்போன வேலை. கேட்டவர்களுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

செல்வி: என் கணவர் நெஞ்சுவலி வந்து வீட்டில்தான் இறந்தார். மில்லில் இறந்திருந்தால்தான் ஈ.எஸ்.ஐ கொடுக்கும் என்கிறார்கள். உண்மையா ஐயா?

பாதி உண்மை அம்மா. வேலையில் ஏற்பட்ட விபத்தாலோ தொழில்நோயாலோ இறந்தால் மட்டும் கிடைப்பது சார்ந்தோர் உதவித்தொகை, மாதாமாதம் வருவது. அது உங்களுக்கு வராது. இறுதிச் சடங்குச் செலவு வேறு. வீட்டில் இறந்தாலும், ஆஸ்பத்திரியில் இறந்தாலும், காரணம் எதுவானாலும் அது உண்டு. இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. உச்சவரம்பு 15,000 ரூபாய். முன்பு 10,000 இருந்தது, இன்னும் சிலர் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "நமக்கு ஒன்றும் வராது" என்று உட்கார்ந்துவிட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சடங்குச் செலவுக்கான படிவம் 22. கணவரின் ஈ.எஸ்.ஐ கார்டு எந்தக் கிளை அலுவலகத்தைச் சேர்ந்ததோ அங்கே இறப்புச் சான்று, விண்ணப்பிப்பவரின் ஆதார், பாஸ்புக் நகல் ஆகியவற்றோடு கொடுக்க வேண்டும்.

செல்வி: செலவு முழுக்கக் கணவரின் அண்ணன்தான் செய்தார். அப்போ அவர் பேரில் போடலாமா? மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்.

இங்கேதான் படிவத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். அதில் உறுதிமொழி இரண்டு விதமாக இருக்கும். "குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மூத்த உறுப்பினர் நான்" என்பது ஒன்று. "இறந்தவருக்குக் குடும்பம் இல்லை அல்லது குடும்பத்தோடு அவர் இருக்கவில்லை, செலவு செய்தது நான்" என்பது இன்னொன்று. பொருந்தாததை அடித்துவிட வேண்டும். உங்கள் கணவர் குடும்பத்தோடு இருந்தவர், ஆகவே இரண்டாவது பொருந்தாது. அண்ணன் எவ்வளவு செலவழித்திருந்தாலும் அவர் பேரில் போட முடியாது. சட்டம் சொல்லும் குடும்பத்துக்குள் அண்ணன் வருவதே இல்லை. மனைவி, பிள்ளைகள், தொழிலாளியைச் சார்ந்திருந்த அப்பா அம்மா, இவர்கள்தான் வருவார்கள்.

உங்கள் மாமியார் உங்கள் கணவர் சம்பளத்தை நம்பி இருந்தவர் என்றால் வீட்டில் மூத்தவர் அவர். கையெழுத்து அவருடையது, பணமும் அவர் கணக்குக்கு வரும். "மூத்தவர்" என்றால் மூத்த மகன் என்று எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. வயதில் மூத்தவர் என்றுதான் பொருள். அண்ணனுக்குத் திருப்பித் தருவது உங்கள் வீட்டு விஷயம், அதில் அலுவலகம் தலையிடாது.

மணி, லூம் ஷெட்: 15,000 என்பது தீர்மானமான தொகையா? எங்கள் அப்பாவுக்கு நாங்கள் செலவு செய்தது 11,000 தான்.

உண்மையில் ஆன செலவு, அதிகபட்சம் 15,000. அதனால் 11,000 என்று எழுதினால் 11,000 தான் வரும். பொய்யாக எழுதச் சொல்லவில்லை. ஆனால் ஆட்கள் எதை மறந்துவிடுகிறார்கள் தெரியுமா? வண்டி வாடகை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த செலவு, குழி தோண்டியவர் கூலி. அந்த நாளில் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை யார் எழுதி வைக்கிறார்கள்? ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற கிளை அலுவலக ஊழியர்: ஒரு சிறு சேர்க்கை. படிவம் 22-இல் அத்தாட்சிக் கையெழுத்து வாங்கும் இடத்தைக் காலியாக விட்டுக் கொண்டுவருவார்கள். பாதி விண்ணப்பம் அங்கேதான் திரும்பும். அப்புறம், விண்ணப்பிக்கக் கெடுவான மூன்று மாதம் தாண்டினாலும் கதை முடியாது. காரணம் எழுதிக் கொடுத்தால் காலத்தை நீட்டித்துத் தர அதிகாரம் இருக்கிறது.

நன்றி ஐயா, அத்தாட்சியை நானே விட்டுவிட்டேன். மூன்று மாதம் என்பது இறந்த தேதியிலிருந்து. இறப்புச் சான்று கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல.

ராஜா: எங்க அம்மா என் ஈ.எஸ்.ஐ கார்டில்தான் இருந்தாங்க. போன வாரம் தவறிட்டாங்க. நானும் படிவம் 22 போடலாமா?

வருத்தமாக இருக்கிறது தம்பி. ஆனால் கிடைக்காது. சடங்குச் செலவு காப்பீடு செய்யப்பட்ட தொழிலாளியின் இறப்புக்கு மட்டும்தான். கார்டில் பெயர் இருப்பது அம்மாவுக்கு வைத்தியத்துக்காக.

செல்வி: மில்லில் பி.எஃப் தவிர இன்னொரு பெரிய தொகை வரும் என்கிறார்கள். அதுவும் ஈ.எஸ்.ஐ கொடுப்பதா?

இல்லை அம்மா. அது பி.எஃப் அலுவலகம் கொடுக்கும் காப்பீட்டுப் பணம், ஈ.டி.எல்.ஐ என்று சொல்வார்கள். 1976-இல் வந்த திட்டம். இதற்குத் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை, முதலாளி மட்டும் கட்டுவது. அதனாலேயே பே ஸ்லிப்பில் கண்ணில் படாது, குடும்பத்துக்குத் தெரியாமலே போய்விடும்.

உங்கள் கணவரின் பேசிக்கும் டி.ஏ.யும் சேர்ந்து கடைசி 12 மாதச் சராசரி எவ்வளவு, பி.எஃப் இருப்பு சராசரி எவ்வளவு என்று சொன்னால் கணக்குப் போடலாம்.

செல்வி: 14,000. பி.எஃப் இருப்பு சுமார் 1,20,000 என்று டைம் ஆபீசில் சொன்னார்கள்.

சரி. 14,000-ஐ 35-ஆல் பெருக்கினால் 4,90,000. பி.எஃப் சராசரி இருப்பில் பாதி, 60,000. மொத்தம் 5,50,000. சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தாலும் 15,000 என்றே எடுப்பார்கள், பாதி இருப்பும் 1,75,000-ஐத் தாண்டாது. அதனால்தான் யாருக்கும் 7 லட்சத்துக்கு மேல் வராது. ஒரு வருஷம் விடாமல் வேலையில் இருந்திருந்தால் 2,50,000-க்குக் கீழேயும் போகாது. இது பி.எஃப் இருப்போடு கூடுதலாக வருவது, அதிலிருந்து கழிப்பது அல்ல.

முதல் வேலையாக மில்லில் ஒன்று கேளுங்கள்: வேலையிலிருந்து விலகிய தேதி போடும்போது காரணம் என்னவென்று பதிந்திருக்கிறார்கள்? "பணியில் இருக்கும்போது இறப்பு" என்று இருக்க வேண்டும். அவசரத்தில் சாதாரண விலகல் என்று பதிந்துவிடுவார்கள். ஒருமுறை எங்கள் ஆபீசிலேயே அப்படி ஆகி, அந்த வீட்டுக்காரம்மா ஏழு மாதம் அலைந்தார். ஒரு சொடுக்கில் நேர்ந்த தவறு.

குமரேசன்: என் தம்பி காசநோயோடு ஐந்து மாதம் வேலைக்குப் போகவில்லை, சம்பளமும் இல்லை. அப்படியே இறந்துவிட்டான். சந்தா நின்று போனதால் ஈ.டி.எல்.ஐ கிடையாது என்கிறது மேனேஜ்மென்ட்.

முன்பு இந்த இடத்தில்தான் நிறையக் குடும்பங்களுக்குக் கை விரித்தார்கள். 2025-இல் திருத்தம் வந்தது. கடைசிச் சந்தா கட்டிய ஆறு மாதத்துக்குள் இறந்து, பெயர் கம்பெனிப் பட்டியலில் இருந்தால் தகுதி உண்டு. அதே திருத்தத்தில், ஒரு வருஷத் தொடர் சேவை முடியாதவர்களுக்கும் குறைந்தது 50,000 என்று வந்தது. ஆக, உங்கள் தம்பி விஷயத்தில் கேள்வி ஒன்றே: பெயர் பட்டியலில் இருந்ததா, நீக்கிவிட்டார்களா? வேலைக்கு வராததால் நீக்கினோம் என்று இப்போது சொல்வார்களேயானால் அந்த உத்தரவின் நகலையும் தேதியையும் கேளுங்கள். ஈ.எஸ்.ஐயில் நோய்க்கால உதவித்தொகை வாங்கியிருந்தால் அந்தச் சான்றுகளையும் எடுத்து வையுங்கள், வேலையை விடாமல் நோயில் இருந்தான் என்பதற்கு அதைவிடப் பேசும் தாள் இல்லை.

மணி, லூம் ஷெட்: எங்கள் கம்பெனி அப்பா இறந்த அன்றே 10,000 கொடுத்தது. இப்போது ஈ.எஸ்.ஐ பணம் வந்ததும் தங்களுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஈ.எஸ்.ஐ பணம் உங்கள் வீட்டுக் கணக்குக்குத்தான் வரும். அதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் முடியாது, கடனுக்காக யாரும் பறிமுதல் செய்யவும் முடியாது, சட்டமே அப்படி. அவர்கள் கொடுத்தது கடனா நன்கொடையா என்பது தனி வழக்கு. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்களா என்று பாருங்கள்.

செல்வி: பி.எஃப் ஆபீசில் பார்த்தோம். நாமினியாக மாமியார் பெயர்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் போட்டது. எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாமியார் நல்லவர்தான், ஆனால் கணவரின் அண்ணன் "படிவத்தில் இருக்கிற பேருக்குத்தான் பணம்" என்கிறார்.

அவர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை, உங்களுக்கே எல்லாம் என்பதும் சரியில்லை. குடும்பம் இல்லாதபோது போட்ட நாமினேஷன், குடும்பம் வந்ததும் செல்லாமல் போகும் என்பது பி.எஃப் விதி. சிக்கல் எங்கே என்றால், மகனைச் சார்ந்திருக்கும் தாயும் அதே விதிப்படி குடும்பம்தான். "போட்ட அன்றைக்கே குடும்பம் இருந்ததே, எப்படிச் செல்லாது போகும்?" என்று ஒரு தரப்பு வாதாடும். இதை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். என்னால் இப்படித்தான் ஆகும் என்று எழுதிக்கொடுக்க முடியாது.

நாமினேஷன் செல்லாது என்று ஆனால், குடும்பத்தில் உரியவர்களுக்குச் சமபங்கு. நீங்கள், இரண்டு பிள்ளைகள், மாமியார், ஆக நாலு பங்கு. 5,50,000-இல் ஒவ்வொருவருக்கும் 1,37,500. வயது வராத பிள்ளைகளின் பங்குக்கு அம்மா என்ற முறையில் நீங்கள் கையெழுத்திடலாம்.

மாமியாரிடம் நீங்களே பேசுங்கள், அண்ணன் மூலமாக வேண்டாம். இருவரும் சேர்ந்து ஒரே நாளில் பி.எஃப் அலுவலகத்துக்குப் போனால் பேச்சு சுருங்கும். போகும் முன் இறப்புச் சான்றில் இருக்கும் பெயரையும் பி.எஃப் கணக்கில் இருக்கும் பெயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிஷியல் முன்னால், பின்னால் என்று மாறியிருந்தால் அதற்கே ஒரு சுற்று அலைய வைப்பார்கள்.

செல்வி: மாமியார் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இனிஷியல் ஒன்றில் ஆர், ஒன்றில் இல்லவே இல்லை.

அப்படியானால் முதலில் மில்லுக்குப் போய் அந்தப் பெயரைச் சரிசெய்யக் கடிதம் வாங்குங்கள். பி.எஃப் அலுவலகம் அதற்குப் பிறகு. படிவம் 22 அதற்காகக் காத்திருக்க வேண்டாம், அதை இந்த வாரமே மாமியார் கையெழுத்தோடு கொடுத்துவிடுங்கள்.