கடைசித் தாளுக்குப் பிறகு வரும் சனிக்கிழமை

வணக்கம் ஐயா. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று ஏழு வருடம் போராடி ஏசிசிஏ கணக்காளர் படிப்பை முடித்தேன். கடைசித் தாளும் பாஸ் என்று மின்னஞ்சல் வந்து ஏழு வாரம் ஆகிறது. அம்மா அழுதார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வேலை நிரந்தரமாகிவிட்டது, சம்பளமும் ஏறியிருக்கிறது. ஆனால் சனிக்கிழமை கண் விழித்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறது. எம்பிஏ சேர்ந்தால் சரியாகிவிடுமோ என்று பாரத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று?

வ., செந்தூல்

அன்புள்ள வ.,

அந்தப் பாரத்தை இன்னும் எட்டு வாரம் அனுப்ப வேண்டாம். ஏன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த மின்னஞ்சல். குரங்குகளின் மூளையில், பரிசை எதிர்பார்ப்பதோடு தொடர்புள்ள டோபமைன் செல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த நரம்பியலாளர் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ். ஒரு விளக்கு எரியும், சற்று நேரத்தில் குரங்குக்குப் பழச்சாறு கிடைக்கும். தொடக்கத்தில் சாறு நாக்கில் பட்டபோதுதான் அந்தச் செல்கள் துடித்தன. இரண்டுக்கும் உள்ள தொடர்பு பழகியதும், துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது. எதிர்பார்த்த சாறு எதிர்பார்த்தபடி வந்தபோது செல்கள் புதிதாகத் துடிக்கவில்லை. மனித மனத்தை இதை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. ஆனாலும் உங்களுக்கு நடந்ததோடு இது நன்றாகப் பொருந்துகிறது. பாஸ் ஆகும் அந்த நாளை ஏழு வருடம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள். மின்னஞ்சல் வந்தபோது அதில் புதிய செய்தி மிகக் குறைவாகவே மிஞ்சியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. 1998ல் உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் அவரது சகாக்களும் அமெரிக்காவில் நிரந்தரப் பதவிக்காகக் காத்திருந்த இளம் பேராசிரியர்களிடம், அது கிடைத்தால் எவ்வளவு மகிழ்ச்சியாக இருப்பீர்கள், கிடைக்காவிட்டால் எப்படி இருப்பீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசத்தை எதிர்பார்த்தார்கள். ஏற்கனவே அந்த முடிவைக் கடந்து வந்தவர்களை விசாரித்தபோது அவ்வளவு வித்தியாசம் இல்லை. வெற்றியை அனுபவிக்கும் திறன் உங்களிடம் மட்டும் குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் சனிக்கிழமைக்கான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஏசிசிஏ உங்களுக்குச் சான்றிதழை மட்டும் தரவில்லை, வாரத்துக்கு ஒரு உருவத்தைத் தந்தது. 13 தாள்கள், மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று நான்கு பரீட்சைக் காலங்கள், ஒவ்வொரு தாளுக்கும் 50 மதிப்பெண் என்ற தெளிவான கோடு. ஓர் அத்தியாயத்தை முடித்தால் முன்னேறியது கண்ணுக்குத் தெரியும். அலுவலக வேலையில் அப்படி இல்லை. இந்த மாதக் கணக்கை மூடினால் அடுத்த மாதக் கணக்கு வந்து நிற்கும். பரீட்சை இன்னொன்றையும் தந்தது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை: மறுக்கும் உரிமை. கல்யாணத்துக்கு வரவில்லையா, பரீட்சை. தோழியைப் பார்க்கவில்லையா, பரீட்சை. ஏழு வருடம் ஒத்திப்போட்டவை எல்லாம் இப்போது ஒன்றாகத் திரும்பி வந்து நிற்கின்றன. அவற்றுக்குச் சொல்ல உங்களிடம் காரணம் இல்லை, அவற்றைத் தொடரும் பழக்கமும் விட்டுப்போயிற்று.

ஆகவே மனத்தை ஆராய்வதற்கு முன் வாரத்தை ஆராயுங்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் பல ஆண்டுகளாகப் பயன்படும் முறை இது. ஒரு சாதாரணப் பள்ளி நோட்டு போதும். காலை ஏழிலிருந்து இரவு பதினொன்று வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வரி, நாளைக்கு எட்டு வரி. என்ன செய்தீர்கள் என்று நான்கு சொல்லில் எழுதி, பக்கத்தில் பத்துக்கு இரண்டு எண்கள் போடுங்கள். முதல் எண் மகிழ்ச்சிக்கு, இரண்டாவது ஒன்றைச் செய்து முடித்த நிறைவுக்கு. அந்தந்த நேரத்திலேயே போட வேண்டும். இரவில் மொத்தமாகப் போட்டால் அப்போதைய களைப்பு பகல் முழுவதன் மீதும் படிந்துவிடும்.

உங்கள் நிலையில் இருக்கும் ஒருவருடைய சனிக்கிழமை இப்படி இருக்கலாம். காலையில் படுக்கையில் கைப்பேசி: 2, 0. அம்மாவோடு சந்தை: 3, 4. தங்கை மகனுக்கு எஸ்பிஎம் கணக்கியல் சொல்லிக்கொடுத்தது: 5, 7. இரவு மாமாக் கடையில் தோழிகளோடு: 6, 1. இந்த நாள் மொத்தத்தில் மந்தமாகத்தான் தெரியும். ஆனால் எண்கள் ஏறி இறங்குகின்றன, அதைத்தான் பார்க்க வேண்டும். ரசிக்கும் திறன் அப்படியே இருக்கிறது, நேரம்தான் காலியாகக் கிடக்கிறது. இரண்டு எண்கள் வேண்டும் என்பதும் இங்கே விளங்கும். இவருக்கு அரட்டை மகிழ்ச்சி தருகிறது, நிறைவு தரவில்லை. பரீட்சை தந்துவந்தது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

அடுத்த வாரம் இரண்டே இரண்டு காரியங்களைக் கிழமை, மணி, இடம், ஆள் நான்கும் குறித்து வையுங்கள். சனி காலை ஏழே காலுக்கு ஒரு தோழியோடு தித்திவங்சா ஏரியைச் சுற்றி நாற்பது நிமிடம் நடந்து, பிறகு பசியாறுவது. செவ்வாய் இரவு எட்டுக்கு ஒரு மணி நேரம் கணக்கியல் சொல்லிக்கொடுப்பது. இன்னொருவர் காத்திருப்பது முக்கியம், ஏனென்றால் ஆசை வந்த பிறகு கிளம்பலாம் என்று இருந்தால் கிளம்பவே மாட்டீர்கள். இந்த நிலையில் செயல் முன்னால் போகும், ஆசை பின்னால் வரும். முதல் இரண்டு மூன்று தடவை எண் குறைவாகவே இருக்கும், நான்கு தடவை செய்த பிறகு முடிவு செய்யுங்கள். உங்களைப் போல் பரீட்சையில் ஊறியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. மூன்றாவது வாரமே நடையை மாரத்தான் பயிற்சியாக்கி அட்டவணை போட்டுவிடுவார்கள். நடை நடையாகவே இருக்கட்டும்.

ஒருவேளை எதைச் செய்தாலும் எண் மூன்றைத் தாண்டவில்லை என்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற வினாத்தாளின் முதல் இரண்டு கேள்விகளை இப்போதே கேட்டுக்கொள்ளலாம்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் இருந்தது எத்தனை நாள்? சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்தது எத்தனை நாள்? ஒவ்வொன்றுக்கும் அறவே இல்லை என்றால் 0, சில நாட்கள் 1, பாதிக்கு மேற்பட்ட நாட்கள் 2, அனேகமாகத் தினமும் 3. இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுப் பரிசோதனை தேவை. அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். ஏழு வருடத் தூக்கக் கடனையும் சொல்லி, இரத்தசோகையையும் தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவையும் இதே மந்தத்தைத் தரும். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு நாள் தலைகாட்டினாலும் எண்களுக்குக் காத்திருக்க வேண்டாம். பிஃப்ரெண்டர்ஸ் உதவித் தொலைபேசியை, 03-7627 2929, இரவு பகலாக எடுப்பார்கள்.

இனி எம்பிஏ. இப்போது சேர்ந்தால் மந்தம் உடனே விலகும். என் பயமே அதுதான். தேதியும் பாடத்திட்டமும் மறுக்கும் உரிமையும் திரும்பக் கிடைத்துவிடும், இதே சனிக்கிழமை இரண்டு வருடம் தள்ளி உங்களுக்காகக் காத்திருக்கும். எட்டு வாரம் கழித்துப் பாடப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையும் பட்டமும் கிடையாது என்றாலும், செவ்வாய் இரவில் இதை எடுத்துப் படிப்பேன் என்று எத்தனை பாடங்களைக் காட்ட முடிகிறது என்று எண்ணுங்கள். மூன்று நான்கு தேறினால் பாரத்தை அனுப்புங்கள். ஒன்றும் தேறாவிட்டால் அந்தக் கட்டணத்தை வங்கியிலேயே விட்டுவைத்து, சனிக்கிழமை நடையைத் தொடருங்கள்.