வாரண்டும் கால் ஆப்ஷனும் ஒன்றா? மாற்றும் உரிமைக்கு விலை வைப்பது எப்படி?

கேள்வி: வாரண்ட் என்றாலும் கால் ஆப்ஷன் என்றாலும் குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமைதானே? பிறகு ஏன் இரண்டையும் தனித்தனியாகப் பேசுகிறார்கள்? மாற்றத்தக்க கடன் பத்திரத்தில் இருக்கும் மாற்றும் உரிமையை எப்படி மதிப்பிடுவது?

உரிமை ஒன்றுதான். அதை எழுதிக் கொடுப்பவர் வேறு. சந்தையில் நீங்கள் வாங்கும் கால் ஆப்ஷனை விற்றவர் உங்களைப் போன்ற இன்னொரு வர்த்தகர். நீங்கள் ஜெயித்தால் அவர் தோற்பார். அந்த நிறுவனத்துக்கு இதில் கொடுக்கலும் இல்லை, வாங்கலும் இல்லை. வாரண்டை எழுதிக் கொடுப்பது நிறுவனமே. நீங்கள் உரிமையைப் பயன்படுத்தினால் அது புதுப் பங்குகளை அச்சிட்டுக் கொடுக்கும், நீங்கள் கட்டும் பணம் அதன் கல்லாவுக்குப் போகும்.

இதில் நான் கோட்டை விட்ட கதையைச் சொன்னால் எளிதாக விளங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாரண்டை மதிப்பிடச் சொன்னார்கள். எண்களைச் சுருக்கித் தருகிறேன். நிறுவனத்திடம் 1 கோடி பங்குகள், 20 லட்சம் வாரண்டுகள், பயன்படுத்தும் விலை 100 ரூபாய், நாளை காலாவதி. பங்குகளுக்கும் வாரண்டுகளுக்கும் சேர்த்து மொத்த மதிப்பு 120 கோடி. ஒரு பங்கு 120 என்றால் வாரண்ட் 20 ரூபாய் என்று தோன்றும். அது சரியல்ல. எல்லோரும் பயன்படுத்தினால் 20 கோடி உள்ளே வரும், மொத்தம் 140 கோடி, பங்குகள் 1.2 கோடி. ஒரு பங்கு 116.67, வாரண்டின் ஆதாயம் 16.67. புதுப் பங்குகள் பழையவற்றின் பங்கை நீர்த்துப்போகச் செய்வதுதான் இந்த 3.33 குறைவு.

இதைப் படித்திருந்த நான் பெருமையாக, சந்தையில் தெரிந்த 116.67 ரூபாய் விலையை எடுத்து, அதிலிருந்து 100 ரூபாயைக் கழித்து, வந்ததை மீண்டும் 1.2-ஆல் வகுத்து 13.89 என்று எழுதிக் கொடுத்தேன். என் மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த வாரண்ட் இருப்பது சந்தைக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். வாரண்ட் வெளியிடப்பட்டு ஊரறிந்துவிட்டால் நீர்த்துப்போவது பங்கு விலையிலேயே ஏறிவிடுகிறது. 116.67-இல் நூறைக் கழித்தால் 16.67, அவ்வளவுதான். மொத்த மதிப்பிலிருந்து தொடங்கினால் நீர்த்துப்போவதைக் கணக்கிட வேண்டும். சந்தை விலையிலிருந்து தொடங்கினால் அதை மறுபடி கழிக்கக் கூடாது. இந்த இரட்டைக் கழித்தலை இன்றும் பல அறிக்கைகளில் பார்க்கிறேன்.

நிறுவனமே எதிர்த்தரப்பு என்பதால் இன்னொன்றும் நடக்கும்: இரு தரப்பும் உட்கார்ந்து விதியையே மாற்றிக்கொள்ளலாம். 2008-இல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் நிறுவனம் கோல்ட்மேன் சாக்ஸில் 500 கோடி டாலர் போட்டபோது, 115 டாலர் விலையில் சுமார் 4.35 கோடி பங்குகளை ஐந்து ஆண்டுக்குள் வாங்கும் வாரண்டும் கிடைத்தது. 2013-இல் முதிர்வு நெருங்கியபோது ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். வாரண்டைப் பயன்படுத்தக் கட்ட வேண்டிய இன்னொரு 500 கோடி டாலரைப் பஃபெட் கட்டவில்லை. ஆதாயத்தின் மதிப்புக்கு ஈடான பங்குகளை மட்டும் பெற்றுக்கொண்டார். கிடைத்தது சுமார் 1.31 கோடி பங்கு. கணக்கும் பொருந்துகிறது: பங்கு விலை ஏறத்தாழ 164 டாலர், ஆதாயம் 49, 4.35 கோடியை 49-ஆல் பெருக்கி 164-ஆல் வகுத்துப் பாருங்கள். கோல்ட்மேன் வெளியிட வேண்டிய புதுப் பங்கு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. சந்தையில் வாங்கிய ஆப்ஷனில் இப்படிப் பேசித் தீர்க்க உங்களுக்கு எதிரே ஆளே இல்லை. இடையில் நின்று கணக்குத் தீர்க்கும் நிறுவனமும் எல்லோருக்கும் பொதுவான விதியும்தான். காலமும் வேறு: நம் தேசிய பங்குச் சந்தையில் தனிப் பங்கின் ஆப்ஷன் மூன்று மாதத்துக்கு மேல் இருக்காது.

இனி கடன் பத்திரம். முகமதிப்பு 1000 ரூபாய், ஐந்து ஆண்டு, வட்டி 2%, 8 பங்காக மாற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது மாற்று விலை 125. இன்று பங்கு 100. இதே நிறுவனம் மாற்றும் உரிமை இல்லாத சாதாரணக் கடன் வாங்கினால் 9% வட்டி தர வேண்டும். 9%-இல் தள்ளுபடி செய்தால் வெறும் பத்திரத்தின் மதிப்பு சுமார் 728. நீங்கள் 1000 கொடுத்து வாங்கினால் உரிமைக்கு மட்டும் 272 கொடுக்கிறீர்கள். ஒரு பங்குக்கு 34.

அந்த 34 நியாயமா? ஆப்ஷனுக்கு விலை கணிக்கும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தில், பங்காதாயம் இல்லை, ஆபத்தில்லா வட்டி 7% என்று வைத்தால், பங்கின் ஆண்டு ஏற்ற இறக்கம் 30% எனும்போது ஐந்தாண்டு உரிமை சுமார் 31 ரூபாய். 40% எனும்போது சுமார் 38.70. முதல் கணக்கில் பத்திரம் 976 ரூபாய், விலை அதிகம். இரண்டாவதில் 1038, மலிவு. ஆக வாதமெல்லாம் இந்த ஏற்ற இறக்கம் எத்தனை சதவீதம் என்பதில்தான் நடக்கும். ஒரு மாத ஆப்ஷனில் தெரியும் ஏற்ற இறக்கத்தை எடுத்து ஐந்தாண்டு உரிமைக்குப் போடுவது பெரும் தவறு. காலாண்டு முடிவு வரும் வாரத்தில் அது எகிறி நிற்கும்.

அந்த 1038-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். முதிர்வுக்கு முன்பே பணத்தைக் கொடுத்துப் பத்திரங்களை நிறுவனம் திரும்ப அழைக்கும் விதி பெரும்பாலும் இருக்கும்: பங்கு விலை மாற்று விலையில் 130%-ஐத் தாண்டிச் சில வாரங்கள் நின்றால் அழைக்கலாம் என்பது வழக்கமான வாசகம். நம் உதாரணத்தில் அது 162.50. அழைத்தால் நீங்கள் மாற்றியே ஆக வேண்டும், மிச்சமிருக்கும் காலத்தின் மதிப்பு போய்விடும். சூத்திரம் ஐந்தாண்டு முழுவதும் உங்களுடையது என்று நினைத்துக் கணக்குப் போட்டது. அதனால் இதை நாங்கள் படிப்படியாகக் கிளைவிடும் மரமாக வரைந்து, ஒவ்வொரு கணுவிலும் நிறுவனம் அழைக்குமா, நாம் மாற்றுவோமா என்று கேட்டபடி கடைசியிலிருந்து பின்னோக்கி வருவோம்.

இன்னொரு சிக்கல், மாற்றும்போது நீங்கள் கொடுப்பது பணம் அல்ல, பத்திரத்தையே. அந்தப் பத்திரத்தின் மதிப்பு ஒரே இடத்தில் நிற்காது. வட்டி விகிதம் குறைந்தால் நீங்கள் விட்டுக்கொடுக்கும் பொருளின் விலை கூடும். நிறுவனத்தின் நிலை கெட்டால் பங்கும் விழும், பத்திரத்தின் மதிப்பு இதற்குக் கீழே போகாது என்று நம்பிய 728 எனும் தரையும் அதோடு இறங்கும். பங்கு 100-இலிருந்து 30-க்கு வந்த நிறுவனத்துக்கு யார் 9%-க்குக் கடன் கொடுப்பார்? 16% கேட்டார்கள் என்றால், நாட்கள் எதுவும் நகராமலே அந்தத் தரை சுமார் 540-க்கு வந்துவிடும். 2012 அக்டோபரில் காற்றாலை நிறுவனமான சுஸ்லான், வெளிநாட்டு நாணயத்தில் வெளியிட்ட தன் மாற்றத்தக்க கடன் பத்திரங்களில் சுமார் 20 கோடி டாலரைத் திருப்பித் தர முடியாமல் போனபோது, அந்தப் பங்கு மாற்று விலைக்கு எட்டாத ஆழத்தில் கிடந்தது.